மெக்கர் காட்டும் எண் ஈரத்தையா, வேறெதையோவா? அறிகுறி வாரியாகத் தேடும் முறை

ஐப்பசி மழை பிடித்தால் எங்கள் பக்கம் ரீவைண்டிங் கடைகளில் போன் ஓயாது. "மெக்கர்ல காட்ட மாட்டேங்குதுங்க, மோட்டாரை ஏத்தி அனுப்பிரட்டுங்களா?" என்பதுதான் பாதிப் பேர் கேட்பது. அப்படி ஏற்றி வந்த மோட்டார்களில் கணிசமானவை வந்திருக்கவே வேண்டாம், கேபிளைக் கழற்றிப் பார்த்திருந்தால் போதும். இன்னொரு பக்கம், நல்ல எண் காட்டியது என்று நம்பி ஓட்டி அன்றைக்கே புகைந்தவையும் உண்டு. வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள இன்சுலேஷன் எவ்வளவு மெகாஓம் தடுக்கிறது என்பதுதான் மெக்கர் காட்டும் எண், இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ், சுருக்கமாக ஐஆர். இருபது வருடமாக ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதனால் எண் எப்படி நடந்துகொள்கிறதோ அதை வைத்தே பிரித்து எழுதிவிடுகிறேன். உங்கள் மெக்கரில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள், ஆனால் முதல் தலைப்பை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

சப்ளையை ஆஃப் செய்து, பியூஸைக் கழற்றி, ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட்டு, டெர்மினலில் மின்சாரம் இல்லை என்று டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே மெக்கரை எடுங்கள். மோட்டார் டெர்மினலில் கேபிள், கெப்பாசிட்டர், டிரைவ், சர்ஜ் அரெஸ்டர் எது இருந்தாலும் பிரித்துவிட வேண்டும். டிரைவோடு சேர்த்து மெக்கர் அடித்தால் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது, டிரைவ் போய்விடும். வைண்டிங்குக்குள் தெர்மிஸ்டர் இருந்தால் அதன் இரண்டு வயர்களையும் சேர்த்துப் பாடியோடு கட்டிவிடுங்கள்.

வோல்டேஜ் விஷயம் எளிது. 415 வோல்ட் மோட்டாருக்கு 500 வோல்ட் மெக்கர் போதும். 3.3 கேவி மோட்டாருக்கு 1000 முதல் 2500 வரை போகலாம், ஈரம் என்று சந்தேகம் இருந்தால் 1000-ல் தொடங்குவதே நல்லது, நனைந்த இன்சுலேஷனை எடுத்தவுடனே பெரிய வோல்டேஜில் சோதிக்கக் கூடாது.

ஒரு நிமிடத்தில் ஒரு எண், பத்தாவது நிமிடத்தில் ஒரு எண், இடையில் மெக்கரை நிறுத்தக் கூடாது. பத்து நிமிட எண்ணை ஒரு நிமிட எண்ணால் வகுத்தால் வருவதுதான் போலரைசேஷன் இண்டெக்ஸ், எல்லாரும் பிஐ என்பார்கள்.

```
PI = R10 / R1
R40 = R × 0.5^((40 − T)/10)
```

இரண்டாவது வரி வெப்பநிலைத் திருத்தம். பத்து டிகிரி சூடு ஏறினால் எண் பாதியாகும், பத்து டிகிரி குறைந்தால் இரட்டிப்பாகும் என்ற கைக்கணக்குதான் அது, எல்லா எண்ணையும் 40 டிகிரிக்குக் கொண்டுவந்து ஒப்பிடுவதற்காக. T என்பது வைண்டிங்கின் சூடு, அறையின் சூடு அல்ல. இந்தத் திருத்தம் இல்லாமல் எழுதி வைத்த மெக்கர் ரெக்கார்டு ஆலை ஆலையாகக் கிடக்கிறது, அவற்றை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

கையால் சுற்றும் பழைய மெக்கர் எங்கள் கடையிலும் இருக்கிறது, பாசமான பெட்டி. ஆனால் பிஐ பார்க்க அது ஆகாது. பத்து நிமிடம் ஒரே வேகத்தில் யாராலும் சுற்ற முடியாது, வேகம் மாறினால் வோல்டேஜ் மாறும், வோல்டேஜ் மாறினால் எண்ணும் ஆடும். பேட்டரியில் ஓடுவதையே வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் வைண்டிங்கை எர்த்தோடு சேர்த்து வைத்திருங்கள். சோதித்த நேரத்தைப் போல நான்கு மடங்கு, அதாவது பத்து நிமிடம் சோதித்தால் நாற்பது நிமிடம். பெரிய மோட்டாரில் அந்த மிச்சச் சார்ஜ் கையைத் தூக்கி அடிக்கும், அது தவிர அடுத்த அளவையும் கெடுக்கும். எப்படிக் கெடுக்கும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

## அறிகுறி: எண் குறைவு, பத்து நிமிடமும் அசையவே இல்லை

பிஐ 1.0, 1.1 என்று நிற்கும். ஈரத்தின் வழக்கமான முகம் இதுதான், ஆனால் இதே முகத்தோடு வேறு நான்கு பேரும் வருவார்கள்.

நல்ல இன்சுலேஷனில் ஆரம்பத்தில் இழுக்கும் கரண்ட் நிமிடத்துக்கு நிமிடம் குறையும், அதனால் எண் ஏறிக்கொண்டே போகும். ஈரத்தின் வழியாகவோ அழுக்கின் வழியாகவோ கசியும் கரண்ட் குறையாது, ஒரே அளவில் ஓடும். கசிவு பெரிதாகிவிட்டால் அந்த ஏற்றம் அதில் மூழ்கிப்போகும். இதற்கு மேல் தியரி வேண்டாம்.

செலவில்லாத காரணத்திலிருந்து வருவோம்.

கேபிள். கழற்றினீர்களா? ஸ்டார்ட்டர் பக்கம் பிரித்துவிட்டு மோட்டார் பக்கம் அப்படியே விட்டு அடிப்பதுதான் பெரும்பாலும் நடப்பது. நூறு மீட்டர் கேபிள், நடுவில் மழைத் தண்ணீர் நிற்கும் டிரெஞ்சு, அதில் ஒரு ஜாயிண்ட், இவ்வளவையும் சேர்த்து அளந்துவிட்டு மோட்டாரைத் திட்டுகிறோம். மோட்டார் டெர்மினலிலேயே கழற்றி, கேபிளைத் தனியாக, மோட்டாரைத் தனியாக அடியுங்கள்.

மெக்கர் வயர். வயர் இரண்டையும் தொடாமல் காற்றில் பிடித்து ஒருமுறை அடித்துப் பாருங்கள், மெக்கரின் முழு அளவைக் காட்ட வேண்டும். ஈரத் தரையில் கிடக்கும் பழைய வயரே ஐம்பது, அறுபது மெகாஓம் காட்டிவிடும். அந்த வயரை வைத்து எவ்வளவு நல்ல மோட்டாரை அளந்தாலும் அதற்கு மேல் ஏறாது.

டெர்மினல் பாக்ஸ். திறந்து வெளிச்சம் அடித்துப் பாருங்கள். ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் தூசி டெர்மினல் போர்டின் மேல் மெத்தை மாதிரி படிந்திருக்கும், மழைக்காலத்தில் அது தண்ணீரை உறிஞ்சி மூன்று பேஸுக்கும் பாடிக்கும் பாலம் போட்டுவிடும். தூசியை எடுத்து, சுத்தமான துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, காயவிட்டு மறுபடி அடியுங்கள். பத்து மெகாஓம் இதிலேயே நூறாக ஏறியதைப் பார்த்திருக்கிறேன். ஏறினால் வைண்டிங்குக்கு ஒன்றும் இல்லை.

மேலோட்டமான ஈரம். நேற்று இரவு நிறுத்திய மோட்டார், விடியற்காலைக் குளிரில் மேலே பனி மாதிரி நீர் பூத்திருக்கும். ஹியூமிடிபிகேஷன் பிளாண்டில் தண்ணீர் தெளிக்கும் அறையை ஒட்டி நிற்கும் பேன் மோட்டார்களில் இது தினசரிக் கதை. வைண்டிங் சுற்றியுள்ள காற்றை விடக் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் நீராகப் படியும் நிலையில் இருந்தால், அளந்த எண்ணுக்கே அர்த்தமில்லை. ஸ்பேஸ் ஹீட்டர் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் இரண்டு நூறு வாட் குண்டு பல்பை உள்ளே தொங்கவிட்டு மூடி வையுங்கள். நாலைந்து மணி நேரத்தில் எண் தெளிந்துவிட்டால் அது வெறும் பனிதான்.

உள்ளே இறங்கிய ஈரம். மேலே சொன்ன நான்கும் பார்த்தாயிற்று, எண் அப்படியேதான் என்றால் காய வைக்க வேண்டும். அதற்குத் தனித் தலைப்பு கீழே இருக்கிறது.

கடைசியாக, இன்சுலேஷனே வெடித்திருப்பது. ஆறு முனையும் வெளியே இருந்தால் ஸ்டார் லிங்கைக் கழற்றி ஒவ்வொரு பேஸையும் தனியாக, மற்ற இரண்டையும் எர்த்தில் போட்டு அடியுங்கள். ஈரம் என்றால் மூன்றும் ஏறத்தாழ ஒரே மாதிரி கெட்டிருக்கும். இரண்டு நன்றாக இருந்து ஒன்று மட்டும் படுத்துக் கிடந்தால் அது ஈரத்தின் வேலை இல்லை, அதைக் காய வைத்து நேரத்தை வீணாக்காமல் வைண்டரைக் கூப்பிடுங்கள்.

எவ்வளவு இருந்தால் போதும்? ஐ-ட்ரிபிள்-ஈ 43 தரக்குறிப்பு சொல்வது இது: ஒரு கேவிக்குக் குறைந்த மோட்டாருக்கு 40 டிகிரியில் 5 மெகாஓம். 1970-க்குப் பிறகு வந்த, முன்கூட்டியே வடிவம் செய்த காயில் போட்ட பெரிய மோட்டாருக்கு 100 மெகாஓம். "ஒரு கேவிக்கு ஒரு மெகாஓம், கூட ஒன்று" என்று பெரியவர்கள் சொல்லும் கணக்கு அதற்கு முந்தைய பழைய மெஷின்களுக்கு உரியது. 3.3 கேவி மோட்டாரை 5 மெகாஓமில் ஓட்டுவதற்கு இன்றும் இந்தக் கணக்கையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். பிஐயைப் பொறுத்தவரை கிளாஸ் பி, எப், எச் இன்சுலேஷனுக்குக் குறைந்தது 2, பழைய கிளாஸ் ஏ-வுக்கு 1.5.

திருத்தம் போடுவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. அதிகாலையில் 24 டிகிரியில் பேன் மோட்டார் 8 மெகாஓம் காட்டுகிறது, "அஞ்சுக்கு மேல இருக்குதுங்களே" என்று ஓட்டிவிடுவார்கள். 40 டிகிரிக்குத் திருத்தினால் அது 2.6 தான், தேறவில்லை.

## அறிகுறி: ஒரு நிமிட எண் பிரமாதம், பிஐ மட்டும் மோசம்

இங்கேதான் தேவையில்லாமல் அதிகம் காய வைக்கிறார்கள்.

முதலில் எண் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். ஒரு நிமிடத்திலேயே 5000 மெகாஓமைத் தாண்டிவிட்டால் பிஐயை மறந்துவிடலாம். அந்த அளவில் ஓடும் கரண்ட் அவ்வளவு சிறியது, வயர் அசைந்தாலே எண் மாறும், அந்த வகுத்தலில் வருவது வெறும் இரைச்சல்.

அடுத்து, இது என்ன மோட்டார்? பத்து, பதினைந்து, முப்பது கிலோவாட் மோட்டார்களில் எனாமல் கம்பியை அள்ளிப் போட்டுச் சுற்றியிருக்கும். அதில் எண் ஏறுவது இரண்டு மூன்று நிமிடத்திலேயே முடிந்துவிடும், பத்து நிமிடம் நின்றாலும் புதிதாக ஒன்றும் சொல்லாது. இந்த மோட்டாருக்கு பிஐ 2 வரவில்லை என்று ஓவனில் வைப்பது வீண். முப்பது விநாடி எண்ணையும் அறுபது விநாடி எண்ணையும் பாருங்கள், ஏறுகிறதா என்பது போதும், அதோடு திருத்திய ஐஆர் 5-க்கு வெகு மேலே இருந்தால் மாட்டி ஓட்டலாம்.

இந்த இரண்டும் இல்லை, பெரிய மோட்டார், 300 மெகாஓம், பிஐ 1.3 என்றால் அளக்கும்போது வைண்டிங் சூடாகிக்கொண்டிருந்ததா என்று கேளுங்கள். வெயிலில் கிடக்கும் மோட்டார், ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், இவற்றில் பத்து நிமிடத்துக்குள் சூடு இரண்டு மூன்று டிகிரி ஏறினால் பத்தாவது நிமிட எண் அந்த அளவுக்குக் கீழே இழுக்கப்படும். மாறாகச் சூடு ஆறிக்கொண்டிருந்தால் பிஐ பொய்யாக அழகாகத் தெரியும். பிஐக்கு வெப்பநிலைத் திருத்தம் வேண்டாம் என்பார்கள், சரிதான், ஆனால் பத்து நிமிடமும் சூடு ஒரே மாதிரி இருக்கும்போது மட்டும்.

எல்லாம் பார்த்தும் 1.3 தான் என்றால் ஆரம்பநிலை ஈரம், அல்லது காயில் முனைகளில் எண்ணெயும் தூசியும் சேர்ந்த பிசுக்கு. துடைத்து, ஒரு நாள் சூடு கொடுத்து மறுபடி பாருங்கள்.

## அறிகுறி: பிஐ 1-க்குக் கீழே, அல்லது நம்ப முடியாத உயரத்தில்

எண் ஏறாமல் இறங்குகிறதே என்று பயப்படும் முன் ஒரு கேள்வி: இதற்கு முன்னால் எப்போது அடித்தீர்கள்?

முதல் முறை வயர் நழுவிவிட்டது, அல்லது போன் வந்துவிட்டது, எண் எழுத மறந்தோம், உடனே மறுபடி அடித்தோம். வைண்டிங்கில் முதல் சோதனையின் சார்ஜ் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அது வெளியே வர முயலும் கரண்ட், மெக்கர் உள்ளே தள்ளும் கரண்டுக்கு எதிர்த்திசையில் ஓடும், அதனால் ஒரு நிமிடத்தில் மெக்கர் காணும் கரண்ட் குறைவாக, எண் பொய்யாகப் பெரிதாக இருக்கும். பத்தாவது நிமிடத்தில் அந்த மிச்சம் தீர்ந்து உண்மையான எண் வரும். வகுத்தால் 0.9. அதே மோட்டாரை வயர் மாற்றிப் போட்டு உடனே அடித்தால் நேர் தலைகீழ், ஒரு நிமிட எண் பொய்யாகச் சிறுத்து பிஐ 5, 6 என்று வானத்துக்குப் போகும். எங்கள் கடைப் பையன் ஒருவன் ஒரு மாலை முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தான். நாற்பது நிமிடம் எர்த்தில் போட்டு வைத்து, டீ குடித்துவிட்டு வந்து அடித்தோம், 2.3.

எர்த்தில் வைத்த பிறகும் எண் இறங்கினால் பேட்டரியைப் பாருங்கள், பத்து நிமிடம் தாங்காத பேட்டரி வோல்டேஜை இறக்கிவிடும். அதுவும் சரி என்றால் வைண்டிங் உள்ளே ஏதோ ஒன்று சோதனை வோல்டேஜிலேயே தளர்கிறது. உறுதிப்படுத்த 500-ல் ஒரு நிமிடம், நன்றாக டிஸ்சார்ஜ் செய்து 1000-ல் ஒரு நிமிடம் அடியுங்கள். நல்ல வைண்டிங்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். வோல்டேஜ் ஏற ஏற எண் பலமாக விழுந்தால் ஈரம் பிளவுக்குள் இறங்கியிருக்கிறது, அல்லது இன்சுலேஷனில் கீறல். அத்தோடு நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள், இன்னும் மேலே அடித்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள்.

சரியாக அளந்தும் பிஐ எட்டைத் தாண்டினால், பழைய மெஷினாக இருந்தால், சந்தோஷப்பட வேண்டாம். காய்ந்து முறுகி, தட்டினால் உதிரும் இன்சுலேஷனும் அப்படித்தான் காட்டும். காயில் முனையைக் கண்ணால் பாருங்கள்.

## அறிகுறி: எண் நிலைக்காமல் ஆடுகிறது

சீக்கிரம் முடித்துவிடலாம். கிளிப் துருவில் கடித்திருக்கிறதா, பெயிண்டின் மேல் எர்த் போட்டிருக்கிறீர்களா, பக்கத்தில் ஓடும் கேபிளின் இண்டக்‌ஷன் தொட்டுக்கொண்டிருக்கிறதா? பாடியைச் சுரண்டி வெள்ளை உலோகத்தில் கிளிப் போடுங்கள், வயர்களைத் தனித்தனியாகக் காற்றில் விடுங்கள். அப்படியும் எண் ஏறி ஏறி திடீரென்று சரிந்து, மறுபடி ஏறிச் சரிந்தால் உள்ளே எங்கோ பொறி தாவுகிறது. அது காய வைக்கும் கேஸ் இல்லை.

## அறிகுறி: காய வைக்கக் காய வைக்க எண் இறங்குகிறது

இது பிழையே இல்லை, ஆனால் அதிகம் சண்டை வந்தது இதில்தான், அதனால் ஒரு கேஸை முழுதாகச் சொல்கிறேன்.

கொங்குப் பக்கத்து ஆலை ஒன்று, பெயர் வேண்டாம். 3.3 கேவி, 450 கிலோவாட் மோட்டார், சீசன் இல்லாமல் நாலு மாதம் நின்றது. ஸ்பேஸ் ஹீட்டர் பியூஸ் எப்போதோ போயிருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. சீசனுக்கு முன்னால் அடித்துப் பார்த்து, 9 மெகாஓம் என்றதும் எங்களைக் கூப்பிட்டார்கள்.

வைண்டிங் சூடு 26 டிகிரி, 1000 வோல்ட். கேபிளைப் பிரித்ததும் 9 என்பது 31 ஆனது. டெர்மினல் புஷ்ஷிங்கைத் துடைத்ததும் 44. பத்தாவது நிமிடத்தில் 53, பிஐ 1.2. 44-ஐ 40 டிகிரிக்குத் திருத்தினால் 17 மெகாஓம்கூட இல்லை, வேண்டியது நூறு. மூன்று பேஸும் ஒரே மாதிரி. சரி, ஈரம்தான், கடைக்கு ஏற்ற வேண்டியதில்லை, நின்ற இடத்திலேயே காய வைக்கலாம் என்றோம்.

ஸ்பேஸ் ஹீட்டரைச் சரிசெய்து போட்டோம், தார்ப்பாய் சுற்றி மேலே ஆவி போக ஒரு வாய் விட்டோம். அதை அடைத்துவிட்டால் மோட்டாரை அதன் வேர்வையிலேயே வேக வைப்பதாகிவிடும். மூன்று பேஸையும் தொடராகக் கட்டி வெல்டிங் ரெக்டிபையரிலிருந்து டிசி கரண்ட் கொடுத்தோம், ஐம்பது ஆம்பியர் அளவு. மோட்டார் நின்றுகொண்டிருக்கும்போது பேன் காற்று கிடையாது, அதனால் நேம்பிளேட் கரண்டில் பாதிக்கு மேல் நாங்கள் போவதில்லை. சூடு மணிக்கு ஐந்து டிகிரிக்கு மேல் ஏறாமல், உச்சம் 80 டிகிரிக்குள். அவசரப்பட்டு நூறைத் தொட்டால் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி இன்சுலேஷனை உப்ப வைத்துவிடும், ஈரத்தால் சாகாத வைண்டிங் நம் கையால் சாகும். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் கரண்டை மெல்லக் குறைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே வயரைக் கழற்ற வேண்டும். ஓடும் டிசியைச் சட்டென்று பிரித்தால் வைண்டிங் உதைக்கும்.

ஆறு மணி நேரம் கழித்து 55 டிகிரியில் 12 மெகாஓம். பன்னிரண்டு மணி நேரத்தில் 75 டிகிரியில் 6. ராத்திரி பதினொரு மணிக்கு எலக்ட்ரிக்கல் பெரியவர் வந்து ரெக்கார்டைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏனுங்க தம்பி, 44 இருந்ததை ஆறாக்கிப்போட்டீங்களே?"

"சூட்டுல அளந்த ஆறுங்கண்ணா. நாப்பது டிகிரிக்குப் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார். 26 டிகிரியின் 44 திருத்தினால் 17. 75 டிகிரியின் 6 திருத்தினால் 68. நான்கு மடங்கு கூடியிருக்கிறது. இவ்வளவு பெரிய இடைவெளிக்கு இந்தத் திருத்தம் உத்தேசம்தான், அதையும் சொன்னேன். அதனால்தான் சூட்டை 75-ல் பிடித்து நிறுத்திவிட்டு, அதன் பிறகு 75-ஐ 75-ஓடு மட்டும் ஒப்பிட வேண்டும், எந்தத் திருத்தமும் தேவைப்படாது. அவர் போகவில்லை, நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த எட்டு மணி நேரம் எண் அசையவில்லை, 6, 7 என்றே நின்றது. காய வைப்பவர்கள் மனசு விடுவது இந்தக் கட்டத்தில்தான். ஆழத்திலிருக்கும் ஈரம் வெளியே வர நேரம் பிடிக்கும். முப்பதாவது மணியில் 14, நாற்பதாவதில் 30, பிஐ 1.9. நாற்பத்தெட்டில் 38, பிஐ 2.4. ஐம்பத்து நான்கில் 39, பிஐ 2.5.

இங்கே நிறுத்தினோம். நிறுத்தச் சொன்னது 2 என்ற எண் இல்லை. ஒரே சூட்டில் ஆறு மணி நேர இடைவெளியில் ஐஆர் ஏறாமல் தட்டையாகிவிட்டது, பிஐயும் கூடவே நின்றுவிட்டது, இரண்டும் சேர்ந்துதான் சொன்னது. நாற்பதாவது மணியில் பிஐ கிட்டத்தட்ட 2 என்று முடித்திருந்தால் எண் அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தது, அதாவது ஈரம் வெளியே வந்துகொண்டுதான் இருந்தது.

ஆறவிட்டு, 35 டிகிரியில் கடைசியாக அடித்தோம். ஒரு நிமிடம் 610, பத்து நிமிடம் 1590, பிஐ 2.6. திருத்தினால் 430 மெகாஓம். கேபிளைத் தனியாக அடித்ததில் ஒரு ஜாயிண்டில் தண்ணீர், அதை அவர்களே வெட்டிப் போட்டுக்கொண்டார்கள். முதலில் அவர்கள் பார்த்த 9-க்குப் பெரிய காரணம் அந்த ஜாயிண்ட்தான்.

இந்த வளைவு வராவிட்டால், அதாவது சூட்டை நிலையாக வைத்து ஒன்றரை நாள் ஆகியும் எண் அடிமட்டத்திலேயே கிடந்தால், காய்வதற்கு உள்ளே ஈரம் இல்லை, அழுக்கு இருக்கிறது. சாயப்பட்டறை மோட்டார்களில் இதை அடிக்கடி பார்க்கிறோம், உப்பும் சாயமும் கலந்த ஆவி படிந்திருக்கும், சூட்டில் தண்ணீர் போனாலும் உப்பு அங்கேயேதான் இருக்கும், அடுத்த ஈரக்காற்று பட்டதும் மறுபடி கசியும். இதைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, ஓவனில் காய வைத்து, பிஐ வந்த பிறகு வார்னிஷ் முக்கி எடுக்க வேண்டும். ஈரம் போகாமல் வார்னிஷ் போட்டால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும், சில கடைகள் அவசரத்தில் இதைச் செய்கின்றன. கேட்டு வாங்குங்கள், வார்னிஷுக்கு முன் எடுத்த பத்து நிமிட எண்ணை.

## போர்வெல் மோட்டாருக்கு இதெல்லாம் பொருந்துமா?

தண்ணீர் நிரப்பிய சப்மெர்சிபிள் என்றால் பொருந்தாது. அதன் வைண்டிங் தண்ணீருக்குள்ளேயே வாழ்வது, கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் உறைதான் காவல், அதனால் காய்ந்திருக்கிறதா என்ற கேள்விக்கே இடமில்லை, பிஐயும் வேண்டாம். 500 வோல்டில் ஒரு நிமிட எண் போன தடவை எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். திடீரென்று விழுந்தால், பம்பை மேலே தூக்கியதும் கேபிள் ஜாயிண்டை வெட்டிவிட்டு மோட்டாரை மட்டும் அடியுங்கள். பல தடவை ஜாயிண்ட்தான் குற்றவாளி.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

415 வோல்ட் மோட்டாரில் கேபிள் பிரிப்பது, துடைப்பது, பல்பு போட்டுக் காய வைப்பது வரை ஆலை எலக்ட்ரீஷியனே செய்யலாம். 3.3 கேவி, அதற்கு மேல் என்றால் பிரிப்பதிலிருந்தே எச்டி வேலை தெரிந்த, அதற்கு உரிமம் உள்ள ஆள் வேண்டும். ஒரு பேஸ் மட்டும் தனியாகக் கெட்டிருந்தால், வோல்டேஜ் ஏற்றும்போது எண் சரிந்தால், பூஜ்யமே காட்டினால், இரண்டு முறை முறையாகக் காய வைத்தும் பிஐ 1.5-ஐத் தாண்டாவிட்டால் வைண்டரிடம் போங்கள். போகும்போது ஒரு நிமிட எண், பத்து நிமிட எண், வைண்டிங் சூடு, என்ன வோல்டேஜில் அடித்தீர்கள், கேபிள் பிரித்திருந்ததா, இந்த ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதி மோட்டாரோடு அனுப்புங்கள். சீட்டு இல்லாமல் வரும் மோட்டாரை நாங்கள் முதலிலிருந்து அளக்க வேண்டியிருக்கிறது, அதற்கும் சேர்த்துத்தான் பில் வரும்.